குரோஷே பொருள்களை விற்கத் தொடங்குவது எப்படி: முதல் ஸ்டாலிலிருந்து இன்ஸ்டாகிராம் ஆர்டர் வரை

குரோஷே போடத் தெரிந்தவர்கள் விற்க நினைத்ததும் முதலில் செய்வது இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் திறப்பதுதான். பெயர் வைத்து, லோகோ போட்டு, நாலு படம் ஏற்றியதும் தெரிந்தவர் ஒருவர் "இதே மாதிரி, ஆனா பர்ப்பிள்ல, கொஞ்சம் பெரிசா" என்று கேட்பார். விலையும் நேரமும் தெரியாமலே ஒப்புக்கொண்டு, மூன்று இரவு உட்கார்ந்து முடித்து, முந்நூறு ரூபாய்க்குக் கொடுப்போம். இப்படி நாலு ஆர்டர் முடிந்ததும் ஊசியைத் தொடவே பிடிக்காமல் போய்விடும். சென்னையில் என்னோடு டேபிள் பகிர்ந்துகொண்ட புதியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதே இடத்தில்தான் சறுக்கினார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

இதற்குக் காரணம் வரிசை மாறிப்போவதுதான். முதலில் நேரத்தை அளக்க வேண்டும். பிறகு விலை, பிறகு கையில் சரக்கு, பிறகு ஒரு சின்ன ஸ்டால். இன்ஸ்டாகிராம் அதற்கு அப்புறம். எது விற்கிறது, எந்த விலைக்கு விற்கிறது என்பதை ஸ்டால் ஒரே நாளில் நேருக்கு நேராகக் காட்டிவிடும். இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அதே விஷயம் தெரிய மூன்று மாதம் ஆகலாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஊசியும் நூலும் உங்களிடம் இருக்கும். கூடுதலாக ஒரு சமையலறை எடை மெஷின் வேண்டும், ஒரு கிராம் வரை காட்டுவதாக இருந்தால் போதும். நூல் எவ்வளவு போகிறது என்பதை உருண்டைக் கணக்கில் யோசித்தால் விலை ஒருபோதும் சரியாக வராது. போனில் இருக்கும் ஸ்டாப்வாட்சும் கோடு போட்ட ஒரு நோட்டும் மற்ற இரண்டு.

நூல் வாங்கும்போது லேபிளில் இருக்கும் லாட் நம்பரைப் பாருங்கள். ஒரே கலர் நம்பராக இருந்தாலும் லாட் மாறினால் சாயம் ஒரு சாயல் மாறும். பூவின் அஞ்சாவது இதழ் மட்டும் வெளிறித் தெரிவது இதனால்தான். அதிகம் விற்கும் என்று நினைக்கிற நிறத்தில் ஒரே லாட்டில் ஐந்தாறு உருண்டை எடுத்துவிடுங்கள்.

தலையில் போடுகிற ரப்பர் பேண்ட், குழந்தைகளுக்கான பொருள் எல்லாவற்றுக்கும் காட்டன் நூல் நல்லது, வியர்வையை இழுத்துக்கொள்ளும். கீ செயினுக்கும் பூங்கொத்துக்கும் அக்ரிலிக் போதும். ஆனால் அடர் சிவப்பு, கருநீலம் போன்ற காட்டன் நூல்கள் சாயம் விடலாம். ஒரு முழம் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். துணியில் கறை ஏறினால் அந்த நூலை வெளிர் நிறத்தோடு சேர்த்துப் போடாதீர்கள்.

2. நாலு பொருளுக்கு மேல் வேண்டாம். பொம்மை இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்

தெரிந்த எல்லாவற்றையும் மேஜையில் பரப்ப ஆசை வரும். அப்படிப் பரப்பினால் ஒவ்வொன்றிலும் இரண்டே இருக்கும், நிறம் கேட்பவருக்கு இருக்காது. ஒரே பொருளைத் திரும்பத் திரும்பப் போட்டால்தான் கை வேகம் பிடிக்கும் என்பது இன்னொரு காரணம். பத்தாவது சூரியகாந்தியை முதல் சூரியகாந்திக்கு ஆன நேரத்தில் முக்கால் பங்கில் முடித்துவிடுவீர்கள்.

என் முதல் நாலு: சூரியகாந்தி கீ செயின், காட்டன் ரப்பர் பேண்ட், தோளில் மாட்டும் சின்ன போன் பை, ஒற்றைத் தண்டு ரோஜா. இந்த நாலுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. சைஸ் கேட்க வேண்டியதில்லை, போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஸ்வெட்டர், குழந்தைத் தொப்பி, டாப்ஸ் எல்லாம் அளவு தவறும், திரும்பி வரும். அவற்றைக் கை பழகின பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

பொம்மைக்கு வேறு காரணம் இருக்கிறது. குரோஷே பொம்மைதான் இன்ஸ்டாகிராமில் அழகாகத் தெரிகிறது, எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020-இல் வந்து, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்கிறது அது. கைவினை வளர்ச்சி ஆணையரிடம் கைவினைஞராகப் பதிவு செய்தவர் தானே செய்து விற்கும் பொம்மைக்கு விலக்கு உண்டு. பொம்மைதான் உங்கள் விருப்பம் என்றால் முதலில் அந்தக் கைவினைஞர் அட்டைக்கு விண்ணப்பியுங்கள், அட்டை வந்த பிறகு விற்பனைக்கு வையுங்கள். அப்போதும் சின்னக் குழந்தைக்கான பொம்மையில் பிளாஸ்டிக் கண் வேண்டாம். தையல் தளர்ந்தால் கண் கழன்று வாய்க்குள் போகும். கறுப்பு நூலில் கண்ணை எம்ப்ராய்டரி செய்துவிடுங்கள்.

வடிவம் யாருடையது என்பதையும் இதே கட்டத்தில் பாருங்கள். விலைக்கு வாங்கின பேட்டர்ன்கள் பலவற்றில், முடித்த பொருளை விற்கலாமா கூடாதா என்று எழுதியவர் குறிப்பிட்டிருப்பார். கார்ட்டூன் கதாபாத்திரங்களைத் தொடாதீர்கள். உரிமை உள்ளவர் புகார் கொடுத்தால் இன்ஸ்டாகிராம் பதிவு நீக்கப்படும், அது தொடர்ந்தால் பக்கமே போகும்.

3. நேரத்தை அளப்பது

ஒரே பொருளில் ஐந்து செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஸ்டாப்வாட்சை ஓடவிடுங்கள். முதல் இரண்டை விட்டுவிட்டு, கடைசி மூன்றின் சராசரியை எடுங்கள்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, பின்னி முடித்ததும் கடிகாரத்தை நிறுத்திவிடுவது. நூல் முனைகளை உள்ளே செருகுவது, இதழை நடுவோடு தைப்பது, பஞ்சு அடைப்பது, வளையம் மாட்டுவது, டேக் கட்டி கவரில் போடுவது எல்லாம் அந்தப் பொருளின் நேரம்தான். என் சூரியகாந்தி கீ செயினில் பின்னலுக்கு 26 நிமிடம், மற்ற வேலைக்கு 14 நிமிடம். பின்னலை மட்டும் கணக்கில் எடுத்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு இலவசமாகப் போயிருக்கும்.

நேரத்தைக் குறைக்க வேகமாகப் பின்ன வேண்டியதில்லை, வேலையைப் பிரித்துச் செய்தால் போதும். ஒரு நாள் பழுப்பு நடுப்பகுதிகளை மட்டும் இருபது, அடுத்த நாள் மஞ்சள் இதழ்கள், மூன்றாம் நாள் தையல். நூல் மாற்றும் நேரமும், எத்தனாவது சுற்று என்று எண்ணிப் பார்க்கும் நேரமும் மிச்சம். அதற்கும் மேல் குறைக்க வேண்டுமென்றால் வடிவத்தை மாற்றுங்கள். 2.5 மி.மீ. ஊசியில் மெல்லிய நூலில் போடுவதை 4 மி.மீ. ஊசியில் தடித்த நூலில் போட்டால் அதே அளவுப் பூவுக்குத் தையல் எண்ணிக்கை நன்றாகக் குறையும்.

ஒன்றை மட்டும் மிச்சப்படுத்தாதீர்கள். தைக்க நேரமில்லை என்று இதழ்களைக் குளூ கன்னால் ஒட்டிக் கொடுத்தேன். சித்திரை வெயிலில் பைக்கிலேயே தொங்கிய கீ செயினில் பசை இளகி, பூ தனியாக, வளையம் தனியாக வந்துவிட்டது. வாங்கியவர் படம் எடுத்து அனுப்பினார். இழுபடும் இடம் எதுவானாலும் தையல்தான்.

4. விலை போடுவது: ஒரு சூரியகாந்தியின் முழுக் கணக்கு

நூல் விலையை இரண்டால் பெருக்கு, மூன்றால் பெருக்கு என்று ஆளாளுக்கு ஒரு சூத்திரம் சொல்வார்கள். குரோஷேயில் அது வேலைக்கு ஆகாது. செலவில் பெரும் பங்கு நூலில்லை, நேரம். என் கணக்கை அப்படியே எழுதுகிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

முடித்த பூவின் எடை, செருகி வெட்டிய நூலையும் சேர்த்து, 9 கிராம். 100 கிராம் நூல் 130 ரூபாய் என்றால் இதற்கு ஏறக்குறைய 12 ரூபாய். வளையமும் சங்கிலியும் 6. பஞ்சும் தையல் நூலும் 2. டேக், கவர் 5. பொருள் செலவு 25 ரூபாய்.

நேரம் 40 நிமிடம். என் உழைப்புக்கு மணிக்கு 90 ரூபாய் என்று வைத்தேன், அதில் 60 ரூபாய் வருகிறது. 90 என்பது பெரிய தொகையில்லை. ஆனால் ஏதோ ஒரு தொகையை எழுதியே ஆக வேண்டும், எழுதாவிட்டால் அது பூஜ்யம் ஆகிவிடும்.

25-ம் 60-ம் சேர்ந்து 85. கறை படிவது, விற்காமல் நிறம் மங்குவது, ஒன்று தொலைவது இதற்கெல்லாம் 8. ஆக 93. இதற்குக் கீழே விற்றால் என் கூலியிலிருந்துதான் போகிறது. விற்கிற விலையை 120 என்று வைத்தேன். மிச்சம் 27 ரூபாய். ஸ்டால் வாடகை, ஆட்டோ, கார்டு அச்சடிப்பது எல்லாவற்றையும் இந்த 27-தான் தாங்க வேண்டும்.

"இதே கீ செயின் கடையில அறுபது ரூபாய்க்குக் கிடைக்குதே" என்று யாராவது சொல்வார்கள். அறுபதுக்குக் கொடுத்தால் பொருள் செலவு போக 35 ரூபாய் நிற்கும். அது 40 நிமிட வேலைக்கு, அதாவது மணிக்கு 52 ரூபாய். அதிலிருந்துதான் வாடகையும் கொடுக்க வேண்டும். அறுபது ரூபாய்க்கு ஒரு பொருள் வேண்டும் என்று தோன்றினால், 15 நிமிடத்தில் முடிகிற ஒரு பூ கிளிப்பைத் தனியாகச் செய்யுங்கள். சூரியகாந்தியின் விலையை இறக்காதீர்கள்.

5. ஸ்டால் எடுக்கும் முன் வாடகைக் கணக்கு

ஒரு நாள் ஸ்டால் வாடகை 1,500, ஆட்டோ 400, சாப்பாடு 200 என்றால் மொத்தம் 2,100. ஒரு பூவில் 27 ரூபாய்தான் மிச்சம் என்பதால் செலவை எடுக்கவே 78 பூ விற்க வேண்டும். முதல் ஸ்டாலில் 78 விற்றவரை நான் பார்த்ததில்லை. வாடகையைக் கேட்டுவிட்டு "அவ்வளவுதானா" என்று முன்பணம் கட்டுபவர்கள் இந்த ஒரு வகுத்தலைப் போட்டிருந்தால் கட்டியிருக்க மாட்டார்கள்.

அதனால் முதல் ஸ்டால் இலவசமாகவோ பகிர்ந்ததாகவோ இருக்கட்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் முன்னால் சங்கத்தினர் டேபிள் போட விடுவார்கள், வாடகை சொற்பம். கல்லூரி விழா, பள்ளி ஆண்டு விழா, கோவில் கொலு நடக்கும் மண்டபம் எல்லாம் நல்ல இடங்கள். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்தால், மகளிர் திட்டம் நடத்தும் கண்காட்சிகளில் இடம் கேட்கலாம். பெரிய கண்காட்சியில்தான் ஆசை என்றால் மெழுகுவர்த்தியோ வாழ்த்து அட்டையோ செய்கிற ஒருவரோடு டேபிளைப் பாதியாக்குங்கள். மொத்தச் செலவும் பாதியாகி 1,050 ஆனால் 39 பூ போதும். குரோஷே செய்கிற இன்னொருவரோடு பகிராதீர்கள். இருவருமே விலையை இறக்க வேண்டி வரும்.

முன்பணம் கட்டும் முன் அமைப்பாளரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். டேபிள் என்ன நீளம், நாற்காலி உண்டா? விளக்கும் பிளக் பாயின்ட்டும் உண்டா? மேலே கூரை இருக்கிறதா, மழை வந்தால் என்ன ஏற்பாடு? இதே பொருளோடு வேறு எத்தனை ஸ்டால்? கடைசிக் கேள்விக்குத் தயங்கி பதில் வந்தால், நிறைய இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

6. சரக்கு சேர்ப்பது: தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஒரு ஆறடி டேபிளுக்கு நான் கொண்டுபோவது: 150 ரூபாய்க்குக் கீழே உள்ளவை 40, அதற்கு மேல் 400 வரை உள்ளவை 15, பெரிய பை மாதிரி கண்ணை இழுப்பவை 4. சின்னவைதான் அதிகம் விற்கும். பெரியவை ஆளை நிறுத்தும். 900 ரூபாய்ப் பையைப் பார்த்து நின்றவர் 120 ரூபாய்ப் பூவை வாங்கிப் போவது வழக்கம்.

நாற்பது பூவுக்குத் தலா 40 நிமிடம் என்றால் சுமார் 27 மணி நேரம். ஒன்றரை மணி நேர வேலையில் பதினைந்து நடுத்தரப் பொருளுக்கு 22 மணி சொச்சம். பெரியது தலா 3 மணி நேரம் என்றால் நாலுக்கு 12. மொத்தம் 61 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வீட்டு வேலை முடித்து ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும் என்றால் 41 நாள் ஆகும். நவராத்திரி ஸ்டாலுக்கு ஆடி முடிவதற்குள் ஊசியை எடுத்துவிட வேண்டும் என்பது இந்தக் கணக்கில்தான் வருகிறது.

நிறத்தில் உங்கள் ரசனையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ஒரு பொருளுக்கு மூன்று நிறம் போதும். அதில் ஒன்று வெள்ளை அல்லது சந்தன நிறமாக இருக்கட்டும், எந்த உடைக்கும் போகும்.

7. ஸ்டால் நாள்

குரோஷே பொருள்களைத் தட்டையாகப் பரப்பினால் இரண்டடி தூரத்திலிருந்து துணிக்குவியலாகத் தெரியும். கம்பி ஜாலி ஒன்றை நிமிர்த்தி வைத்து, எஸ் வடிவக் கொக்கியில் மாட்டுங்கள், கண் உயரத்துக்கு வரட்டும். டேபிள் விரிப்பு ஒரே நிறத்தில், பூப்போடாததாக இருக்கட்டும்.

ஒவ்வொரு பொருளிலும் விலை எழுதியிருக்க வேண்டும். நம் ஆட்கள் விலை கேட்கக் கூச்சப்படுவார்கள். கேட்டுவிட்டு வாங்காமல் போவது மரியாதையில்லை என்று நினைத்து, கேட்காமலே நகர்ந்துவிடுவார்கள். விலை எழுதாத டேபிளுக்கும் எழுதிய டேபிளுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே மண்டபத்தில் காலையும் மாலையும் மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு டேக் இல்லாமல் எதையும் வெளியே வைப்பதில்லை.

உட்கார்ந்து போனைப் பார்க்காமல் எதையாவது பின்னிக்கொண்டிருங்கள். கை ஓடுவதைப் பார்க்க மனிதர்கள் நிற்பார்கள். "இது நீங்களே போட்டதா?" என்ற கேள்வி வந்தால் பேச்சு தொடங்கிவிட்டது. மெஷினில் செய்ததில்லை என்பதை வாயால் விளக்குவதற்குப் பதில் கண்ணால் காட்டிவிடுகிறீர்கள்.

பேரத்துக்குத் தயாராக வாருங்கள். "கொஞ்சம் குறைச்சுக்கோங்கம்மா" என்றால் ஒன்றின் விலையைக் குறைக்க வேண்டாம். இரண்டாக எடுத்தால் 220 என்று சொல்லுங்கள். இரண்டு விற்றால் 93 கணக்கில் 186 போக 34 ரூபாய் நிற்கிறது, ஒன்றை முழு விலைக்கு விற்றதைவிட அதிகம். ஒன்றை நூறுக்கு இறக்கினால் பக்கத்தில் நிற்கிற மூன்று பேருக்கும் அதுதான் விலை ஆகிவிடும்.

சில்லறை பத்தும் இருபதும் ஐம்பதுமாக ஆயிரம் ரூபாய்க்காவது இருக்கட்டும். மண்டபத்துக்குள் பல நேரம் நெட்வொர்க் வராது. யு.பி.ஐ.யில் பணம் போட்டதாக ஸ்கிரீன்ஷாட் காட்டினால், உங்கள் வங்கிச் செய்தியோ ஆப்போ சொல்லும் வரை பொருளைக் கையில் கொடுக்காதீர்கள். போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிக்கச் சில நொடி போதும்.

இந்த நாளின் மிகப் பெரிய லாபம் நோட்டில்தான் இருக்கிறது. விற்றதை மட்டும் எழுதினால் போதாது. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனதையும், கேட்டு இல்லாமல் போனதையும் எழுதுங்கள். பத்துப் பேர் எடுத்துப் பார்த்து ஒருவரும் வாங்கவில்லை என்றால் பொருள் பிடித்திருக்கிறது, விலை இடிக்கிறது. யாருமே எடுக்கவில்லை என்றால் விலையைக் குறைத்தும் பயனில்லை. என் ரோஜாவுக்கு நேர்ந்தது முதல் வகை. தண்டை நீளம் குறைத்து, இலை ஒன்றைக் கழித்து, நேரம் 55 நிமிடத்திலிருந்து 35 ஆனதும் விலையும் இறங்கியது, அடுத்த ஸ்டாலில் போனது.

8. இப்போது இன்ஸ்டாகிராம்

ஸ்டாலில் நின்ற பிறகு பக்கம் திறப்பவருக்கு எதைப் போடுவது என்ற குழப்பம் இருக்காது. விற்ற மூன்று பொருளைப் போடுவீர்கள். விலையும் தெரியும், கேள்விகளும் தெரியும்.

பக்கத்தின் பெயரை ஒருவர் காதால் கேட்டு டைப் செய்ய முடிய வேண்டும். எழுத்தை இரட்டித்து, நடுவில் கோடு போட்டு வைத்தால் ஸ்டாலில் சொல்லும்போது யாருக்கும் பிடிபடாது. பெயருக்கான கட்டத்தில் பிராண்டின் பெயரோடு "குரோஷே" என்பதையும் ஊரையும் ஆங்கில எழுத்தில் சேர்த்துவிடுங்கள். தேடலில் அந்தக் கட்டமும் பார்க்கப்படுகிறது.

மேலே பின் செய்ய மூன்று பதிவு கிடைக்கும். ஒன்றில் பொருளும் விலையும், ஒன்றில் ஆர்டர் செய்யும் முறையும் எத்தனை நாளில் வரும் என்பதும், ஒன்றில் வாங்கியவர்கள் அனுமதியோடு அவர்கள் அனுப்பிய படங்கள். விலைக்கு டிஎம் செய்யவும் என்று எழுதாதீர்கள். ஸ்டாலில் டேக் இல்லாத டேபிளுக்கு நேர்ந்ததே இங்கேயும் நேரும்.

படம் காலை எட்டு மணிக்கு ஜன்னலோரம், நேர் வெயில் படாமல். சிவப்பும் ஆரஞ்சும் போன் கேமராவில் தீப்பிடித்தது போல வரும், தையல் தெரியாது. திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு எடுங்கள். ஒரு படத்திலாவது பொருள் உள்ளங்கையில் இருக்கட்டும். "இவ்ளோ சின்னதா?" என்று பார்சல் பிரித்தவர் வருத்தப்படுவது அளவு தெரியாததால்தான்.

ரீல்ஸுக்குத் தினம் மெனக்கெட வேண்டாம். வாரம் இரண்டு போதும், முடிந்த பொருளை முதலில் காட்டிவிட்டுப் பின்னலுக்குப் போங்கள். ஸ்டாலுக்கு மூன்று நாள் முன்னால் இடமும் நேரமும் போடுங்கள், அன்று காலை டேபிளை ஸ்டோரியில் காட்டுங்கள். ஒவ்வொரு டேகின் பின்பக்கமும் பக்கத்தின் பெயர் இருக்கட்டும். ஸ்டாலில் வாங்கியவர் பக்கத்துக்கு வருவதும், பக்கத்தில் பார்த்தவர் ஸ்டாலுக்கு வந்து தொட்டுப் பார்ப்பதும் இப்படித்தான் நடக்கிறது. எனக்கு வெறும் ரீல்ஸ் பார்த்து வந்த ஆர்டர்களைவிட ஸ்டாலில் ஒருமுறை வாங்கியவர்களின் ஆர்டர் அதிகம்.

அறிமுகமில்லாதவர் அனுப்பும் செய்தி நேராக இன்பாக்ஸுக்கு வராமல் Requests பகுதியில் போய் உட்கார்ந்திருக்கும். அதைத் தினம் திறந்து பாருங்கள். இரண்டு வாரம் திறக்காமல் பன்னிரண்டு பேரை இழந்த தோழி ஒருவர் உண்டு.

9. ஆர்டர் வாங்குவதிலிருந்து பார்சல் வரை

பேச்சு டிஎம்மில் தொடங்கலாம், ஆர்டர் வாட்ஸ்அப் பிசினஸில் முடியட்டும். அங்கே கேட்டலாக் வைக்கலாம், வாடிக்கையாளருக்கு லேபிள் ஒட்டலாம், அடிக்கடி அனுப்பும் பதிலைச் சேமித்து வைக்கலாம். நான் சேமித்து வைத்திருப்பது இது:

"பொருள், நிறம், எண்ணிக்கை, எந்தத் தேதிக்குள் வேண்டும், பின்கோடுடன் முகவரி, போன் நம்பர் அனுப்புங்கள். மொத்தத் தொகையும் கூரியர் செலவும் சொல்கிறேன். பாதித் தொகை வந்ததும் வேலை தொடங்கும், மீதி வந்ததும் பார்சல் கிளம்பும்."

தேதி கேட்பதை விட்டுவிடாதீர்கள். பிறந்தநாளுக்கு மறுநாள் போய்ச் சேர்ந்த பரிசு திரும்பி வந்த மாதிரிதான். கையில் இருக்கும் பொருளுக்கு முழுப் பணமும் முன்கூட்டியே. வாங்குபவர் பணம் அனுப்புவதாகச் சொல்லி, உங்களை ஒரு கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யச் சொன்னாலோ யு.பி.ஐ. பின் நம்பரைப் போடச் சொன்னாலோ அது மோசடி. பணம் வாங்க அந்த நம்பர் தேவையே இல்லை.

பார்சலுக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவர் கட்டாயம், மழையில் நனைந்த நூல் நாற்றம் பிடிக்கும். பூங்கொத்துக்கு மட்டும் அட்டைப்பெட்டி, மற்றதுக்குக் கூரியர் கவர் போதும். கூரியர் செலவைப் பொருள் விலைக்குள் ஒளிக்காமல் தனியாகச் சொல்லுங்கள். உள்ளூரில் நேரில் வாங்குபவரும் வெளியூர்க்காரரும் ஒரே விலை கொடுப்பது இருவருக்கும் சரியாகாது.

10. சொன்னபடி செய்து தரும் ஆர்டர், மொத்த ஆர்டர்

முதல் இரண்டு மாதம் நிறம் மாற்றுவதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். அளவும் வடிவமும் மாறினால் அது புதுப் பொருள், மறுபடி நேரம் அளக்க வேண்டும். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் உங்கள் கணக்கில் வரும் நாளை இரட்டிப்பாக்கிச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே அந்த மிச்சம் தேவைப்பட்டுவிடும்.

வளைகாப்புக்கும் கொலுவுக்கும் ரிட்டர்ன் கிஃப்ட் கேட்டு வருவார்கள். "அம்பது பீஸ் எடுக்கிறோம், எழுபது ரூபாய்க்குப் போட்டுக் கொடுங்க" என்பது வழக்கமான பேச்சு. கடைக்காரருக்கு என்றால் மொத்தமாக விற்பது கட்டுப்படியாகும். நமக்கு ஐம்பதாவது பூவும் 40 நிமிடம்தான். குறைகிறதென்றால் ஸ்டால் செலவு குறைகிறது, வளையத்தைப் பாரிமுனையில் நூறாக வாங்கினால் ஓரிரு ரூபாய் குறைகிறது. ஆகவே 120-ஐ 105 வரை இறக்கலாம், 93-க்குக் கீழே இல்லை. நேரமும் பாருங்கள்: ஐம்பது பூ என்பது 33 மணி நேரம், தினம் ஒன்றரை மணி என்றால் 22 நாள். விசேஷம் இரண்டு வாரத்தில் என்றால் 70 ரூபாய்க்கு மட்டுமல்ல, 120-க்கும் முடியாது. அந்த நேரத்தில் 15 நிமிடப் பூ கிளிப்பைக் காட்டுங்கள். ஐம்பதுக்கு பன்னிரண்டரை மணி நேரம், ஒன்பது நாளில் முடியும். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

11. பதிவுகள்

உத்யம் பதிவு ஆதாரும் பான் எண்ணும் வைத்து udyamregistration.gov.in தளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம், கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை. கண்காட்சிகளில் இடம் கேட்கவும் வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்கவும் இது உதவும்.

ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். வெளிமாநிலத்துக்கு அனுப்புவதற்கு விதி வேறு, கைவினைப் பொருள்களுக்கு அதில் தனிச் சலுகைகளும் உண்டு. பெங்களூரிலிருந்து முதல் ஆர்டர் வந்ததும் உங்கள் பொருளின் பெயரைச் சொல்லி ஓர் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். முதல் ரூபாயிலிருந்தே விற்பனையை நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருந்தால் அவர் கேட்கும் எதற்கும் பதில் இருக்கும்.